லெப்டினும் கிரெலினும்: எடை குறைப்பில் செய்யும் கணக்குத் தவறுகள்

கிரெலின் என்றால் பசி ஹார்மோன், லெப்டின் என்றால் நிறைவு ஹார்மோன் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். எடை குறைப்பில் நடக்கும் பல தவறுகளுக்கு இந்தச் சுருக்கம்தான் வேர். லெப்டின் விஷயத்தில் அது பாதிகூட உண்மை இல்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டின் நடுவே 'போதும்' என்று தோன்றுவதற்கு லெப்டின் நேரடிக் காரணம் அல்ல. இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது. குடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்கள் அதோடு சேர்ந்துகொள்கின்றன. அன்றைய இலையிலிருந்து நம்மை எழுப்பிவிடுவது இவைதான். லெப்டின் பார்ப்பது இலையை அல்ல, களஞ்சியத்தை. கொழுப்பணுக்களே அதைச் சுரப்பதால், உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இரத்தத்தில் அதன் அளவும் இருக்கும். சேமிப்பு எவ்வளவு மிச்சம் என்று மூளைக்குப் போகும் கணக்கு அது.

கணக்கைப் படிக்கும் இடம், மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள ஆர்க்குவேட் என்ற நரம்பணுத் தொகுதி. அங்கே எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு வகை நரம்பணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஏஜிஆர்பி வகை பசியைத் தூண்டும். பிஓஎம்சி வகை அடக்கும். லெப்டின் முதலாவதை அமைதியாக்கி இரண்டாவதை எழுப்புகிறது. கிரெலின் ஏஜிஆர்பி அணுக்களைத் தட்டி எழுப்புகிறது. பழைய பாடநூல்களில் வரும் 'பசி மையம் ஒன்று, நிறைவு மையம் ஒன்று' என்ற படத்தை மனத்திலிருந்து அழித்துவிடலாம்.

அடுத்த தவறு, லெப்டின் கூடினால் பசி குறையும் என்று நேர்க்கோட்டில் நினைப்பது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு இந்த ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்தபோது உலகமே அப்படித்தான் எதிர்பார்த்தது. ஆனால் பருமனானவர்களைச் சோதித்தால் பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. ஊசி மூலம் இன்னும் ஏற்றியும் எடை சொற்பமாகத்தான் குறைந்தது. காரணம், இந்த அமைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லெப்டின் ஓர் அளவுக்கு மேல் போனால் மூளை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குறைந்தால் மட்டும் பதறிவிடும். பஞ்சத்தில் உயிரைக் காப்பதுதான் அதன் முதல் வேலை என்று வைத்துக்கொண்டால் இந்தச் சாய்வு புரியும்.

பதறுவதற்கு அது கொழுப்பு தீரும்வரை காத்திருப்பதும் இல்லை. சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்த சில நாட்களிலேயே, கொழுப்பு குறைந்த அளவைவிடப் பல மடங்கு வேகமாக லெப்டின் விழுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் பருமனான 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். எடை சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. லெப்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. ஓராண்டு கழித்து, எடையில் ஒரு பகுதி திரும்பிய பிறகும், லெப்டின் பழைய நிலைக்கு வரவில்லை. கிரெலினும் பசி உணர்வும் தொடக்கத்தைவிட அதிகமாகவே இருந்தன.

இதை மறந்துவிட்டுப் போடும் கணக்குதான் அதிகம் ஏமாற்றுகிறது. 80 கிலோ எடையில் நிலையாக இருக்கும் ஒருவர் நாளுக்கு 2300 கலோரி சாப்பிட்டு அதையே செலவழிக்கிறார் என்று வைப்போம். பசி கேட்பதைவிட 600 கலோரி குறைவாகச் சாப்பிடும் மன உறுதி அவருக்கு இருக்கிறது. தொடக்கத்தில் 1700 கலோரிதான் உள்ளே போகிறது, எடை இறங்குகிறது. ஆனால் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்குச் சுமார் 25 கலோரி குறைகிறது. பசி கேட்கும் அளவோ சுமார் 100 கலோரி கூடுகிறது. இந்த 100 என்பது உடல் எடை ஆய்வாளர் கெவின் ஹால் குழுவின் மதிப்பீடு. ஆளுக்கு ஆள் மாறும், சில கிலோ குறைந்தவர்களிடம் எடுத்தது, ஆகவே பெரிய எடை இழப்புக்கு அப்படியே நீட்டக் கூடாது.

நான்கு கிலோ குறைந்ததும் பசி 2700 கேட்கும். அதே 600 கலோரி அளவுக்கு அவர் தன்னை அடக்கினாலும் 2100 சாப்பிடுவார், செலவு 2200. ஐந்தாவது கிலோவில் சாப்பாடு 2200, செலவு 2175. அதாவது 75 கிலோவை நெருங்கும்போது எடை நின்றுவிடும். அவர் சோம்பிவிடவில்லை, அதே உறுதிக்கு இப்போது பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே பலர் செய்வது, செலவு குறைந்ததைப் பார்த்து 'உடல் எரிப்பதையே நிறுத்திவிட்டது' என்று முடிவு கட்டுவது. மேலே உள்ள கணக்கில் 125 கலோரி செலவிலிருந்தும் 500 கலோரி பசியிலிருந்தும் வருகின்றன. ஆக முதலில் பார்க்க வேண்டியது தட்டை. கண்மதிப்பில் இல்லாமல், ஒரு வாரம் எடைபோட்டு எழுதி வைத்தால், 1700 என்று நம்பிய சாப்பாடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

இனி கிரெலின். இரைப்பையின் மேற்பகுதியில் சுரப்பது. சாப்பாட்டுக்கு முன் ஏறி, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இறங்கும். பருமனுக்கு இதுதான் காரணம் என்பது தவறு: பருமனானவர்களிடம் பொதுவாக இது குறைவாகவே இருக்கிறது, எடை குறைத்தால்தான் ஏறுகிறது. தண்ணீர் குடித்து இதை ஏமாற்றலாம் என்பதும் நடக்காது. வயிறு விரிவதால் கிரெலின் இறங்குவதில்லை, சத்து குடலுக்குப் போக வேண்டும். தண்ணீர் தரும் நிறைவு விரிவுணர்வு மட்டுமே, அதுவும் சீக்கிரம் வடிந்துவிடும். சத்துகளில் கொழுப்பு இதை மிகக் குறைவாக அடக்குகிறது. மாவுச்சத்து வேகமாக இறக்கினாலும் பிறகு திரும்ப ஏறவிடுகிறது. புரதம் இறக்கி வைத்தால் நீண்ட நேரம் நிற்கிறது.

இன்னொன்று, பசி கிளம்பினால் சாப்பிடும்வரை ஏறிக்கொண்டே போகும் என்ற பயம். நாள் முழுக்க உண்ணாதவர்களிடம் அளந்தபோதுகூட, வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் கிரெலின் ஏறி, எதுவும் சாப்பிடாமலே பிறகு தானாக இறங்கியது. நேரத்தோடு பழகிய அலை அது.

லெப்டின் மாத்திரை, லெப்டின் உணவு என்று விற்பவை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. லெப்டின் ஒரு புரதம். வாய்வழியே போனால் செரிந்துவிடும்.

இரத்தத்தில் லெப்டின் அளவு பார்த்து, மூளை லெப்டினைக் கண்டுகொள்ளாத 'லெப்டின் எதிர்ப்பு' என்று அறிக்கை வாங்குவதும் பெரும்பாலும் வீண். கொழுப்பு கூடினால் எண் கூடத்தான் செய்யும். எடைக்கருவி சொன்னதையே வேறு அலகில் சொல்கிறது. அந்தச் சோதனைக்கு உண்மையான பயன் உள்ள இடம் மிகச் சிறியது: பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கும் கடும் பருமன், எவ்வளவு கொடுத்தாலும் அடங்காத பசி, பிறகு தள்ளிப்போகும் பருவமடைதல். மரபணுப் பிழையால் லெப்டினே இல்லாத நிலை அது. 1999-இல் அப்படி 94 கிலோ இருந்த ஒன்பது வயதுச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டபோது ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. ஹார்மோன் மட்டும் இல்லாதிருந்த இடத்தில் அதை நிரப்பியதும் அமைப்பு சொன்னபடி வேலை செய்தது. மற்றவர்களிடம் அந்த வெற்றிடமே இல்லை.