காத்திருக்கும் புதுப்பிப்புகளில் எதை இன்றே நிறுவ வேண்டும்?

சென்ற மாதம் சித்தியின் ஆண்ட்ராய்டு போனை வாங்கிப் பார்த்தேன். ப்ளே ஸ்டோரில் 37 செயலிகள் புதுப்பிப்புக்குக் காத்திருந்தன. அமைப்புகள் பகுதியில் 2.4 ஜிபி அளவுள்ள இயங்குதளப் புதுப்பிப்பு ஒன்று தனியே நின்றது. "இத்தனையையும் இறக்கினால் டேட்டா தீர்ந்துவிடும் என்று எதையும் தொடவில்லை" என்றார் சித்தி. எண்ணிக்கையையும் அளவையும் பார்த்து மலைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. அந்த 37-இல் அன்றே நிறுவ வேண்டியவை ஐந்துதான்.

எந்த ஐந்து? முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவதை எந்தச் செயலி திறந்து படிக்கிறதோ அதற்கே முதலிடம். 2019 மே மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. அழைப்பு வந்தாலே போதும். எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் போனுக்குள் நுழைய முடிந்தது. அதை அடைத்தது இயங்குதளப் புதுப்பிப்பு அல்ல, ப்ளே ஸ்டோர் வழியாக வந்த செயலிப் புதுப்பிப்பு. ஆண்ட்ராய்டில் 2.19.134-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்த எவரும் ஆபத்தில் இருந்தார்கள். ஆகவே செய்திச் செயலி, உலாவி, மின்னஞ்சல், பணம் அனுப்பும் செயலி ஆகியவை அன்றே. தெரியாதவர் எவரும் எட்ட முடியாத கால்குலேட்டரும் அலாரமும் வாரக் கடைசி வரை காத்திருக்கலாம்.

இவற்றோடு பலரும் கவனிக்காமல் விடும் பெயர் ஒன்று உண்டு: Android System WebView. திரையில் ஐகான் இல்லாததால் ஏதோ வேண்டாதது என்று நினைத்துவிடுகிறார்கள். பல செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது இதுதான். 2021 மார்ச்சில் இதன் ஒரு பதிப்பில் பிழை நேர்ந்து, ஜிமெயில் உட்பட எத்தனையோ செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. அதைச் சரிசெய்யவும் இதையும் குரோமையும் மீண்டும் புதுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. புதுப்பிப்பால் தொல்லை வருவது உண்மைதான். ஆனால் அதற்கான மருந்தும் பெரும்பாலும் அடுத்த புதுப்பிப்பாகவே வருகிறது.

Update all பொத்தானை மொபைல் டேட்டாவில் அழுத்துவது அடுத்த தவறு. வரிசையில் ஒரு பெரிய விளையாட்டு முன்னால் வந்தால் அன்றைய 1.5 ஜிபியில் பாதி அதற்கே போய்விடும். வாட்ஸ்அப் பின்னால் நிற்கும். பட்டியலைத் திறந்து, வேண்டியதன் அருகில் உள்ள Update பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சித்தியின் போனில் ஐந்தும் 400 எம்பிக்குள் முடிந்தன.

இயங்குதளத்துக்கு வருவோம். இங்கே இரு வேறு பொருள்கள் ஒரே அறிவிப்புத் தோற்றத்தில் வருகின்றன. ஒன்று பாதுகாப்புத் திருத்தம். மற்றது 14-இலிருந்து 15 என்பதுபோல் பதிப்பே மாறுவது. நிறுவும் முன் விவரத்தை விரித்துப் படித்தால் எது என்று தெரிந்துவிடும். திருத்தம் மட்டும் என்றால் அன்றிரவே போடலாம். பதிப்பு மாற்றம் என்றால் ஓரிரு வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பது நியாயம். ஏனென்றால் பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிதல்ல. பெரும்பாலும் போனிலுள்ள அனைத்தையும் அழித்தாக வேண்டும். பயணத்துக்கு முந்தைய இரவிலோ, படங்களுக்கு நகல் எடுக்காமலோ, சேமிப்பிடம் நிரம்பிய போனிலோ இதைத் தொடாதீர்கள்.

ஆனால் அந்தப் பொறுமை மாதக்கணக்கில் நீளக்கூடாது. புதிய பதிப்பு உங்கள் போனுக்கு வந்துவிட்டால், அதன்பிறகு வரும் திருத்தங்கள் பெரும்பாலும் அந்தப் பதிப்பின் மேல்தான் வரும். பழையதிலேயே நின்றால் அவையும் நின்றுபோகும். சித்தியின் போனில் கடைசித் திருத்தம் 14 மாதங்களுக்கு முந்தையது. அதனால் அங்கே காத்திருக்க இடமே இல்லை. வாரக் கடைசியில் வைஃபையில், சார்ஜரில் செருகி வைத்து முடித்தோம்.

அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். இணையப் பக்கத்தில் துள்ளி வரும் "உங்கள் போன் காலாவதியாகிவிட்டது" என்ற எச்சரிக்கையையும், வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நேரடியாக நிறுவும் apk கோப்பையும் ஒருபோதும் திறக்கக்கூடாது. உண்மையான புதுப்பிப்பு போனின் அமைப்புகளிலோ ப்ளே ஸ்டோரிலோதான் காத்திருக்கும்.

முடித்த பிறகு போனை அணைத்துத் திரும்ப இயக்குங்கள். Google Play system update என்ற தனி வகை, இறங்கிவிட்டாலும் மறுதொடக்கம் செய்யும் வரை நடைமுறைக்கு வராது. பின்னர் பெரும்பாலான போன்களில் About phone பகுதிக்குள் Android version என்பதைத் தொட்டால் இரண்டு தேதிகள் தெரியும்: Android security update, Google Play system update. பழைய தேதியே நின்றால், பாதி வழியில் ஏதோ தடைப்பட்டிருக்கிறது. முதலில் சேமிப்பிடத்தைச் சோதியுங்கள்.