ஊட்டிக்கு எடுத்துப் போகும் துணிகள்: பாலியெஸ்டர், விஸ்கோஸ், கம்பளி

லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ ஊருக்கு வருபவர்கள் நான்கைந்து நாளை ஊட்டி, குன்னூர் பக்கம் ஒதுக்குவது வழக்கம். காலையில் மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு காரில் ஏறுவீர்கள். மதியத்துக்குள் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், மழைச்சாரலும் பனிமூட்டமுமாக ஒரு குளிருக்குள் இறங்குவீர்கள். அங்கே தங்கும் வீட்டில் துணி உலர்த்தும் எந்திரம் பெரும்பாலும் இருக்காது. கொடிதான். அதனால் எந்தத் துணி எதற்கு எப்படி மாறும் என்று தெரிந்துகொண்டு பெட்டி அடுக்குவது நல்லது.

பெட்டியில் பொதுவாக மூன்று வகை இருக்கும். டீ-ஷர்ட், ஜாக்கெட் எல்லாம் பாலியெஸ்டர். குர்த்தி, மெல்லிய சால்வை எல்லாம் விஸ்கோஸ். நம்மூர்க் கடைகளில் இதை ரேயான் என்பார்கள். ஸ்வெட்டர் கம்பளி. இவை வெவ்வேறாக நடந்துகொள்வதற்குக் காரணம் ஒன்றுதான். எந்த இழையிலும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் துணி வடிவம் மாறும், மறுபடி இறுகினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பாலியெஸ்டரில் பிடியைத் தளர்த்துவது வெப்பம் மட்டுமே. விஸ்கோஸிலும் கம்பளியிலும் தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடும்.

பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடுவதில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில், உலர்ந்த 100 கிராம் பாலியெஸ்டர் அரைக் கிராம் தண்ணீர்கூட வாங்காது. அதே அறையில் விஸ்கோஸ் 13 கிராம் வாங்கும், கம்பளி 16 கிராம் வாங்கும். ஊட்டியில் மழை நாளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும்போது இந்த இரண்டும் 20 கிராமுக்கு மேல் போய்விடும். கொடியில் தொங்கும் ரேயான் குர்த்தியை எத்தனை முறை தொட்டாலும் ஈரமாகவே தெரிவது இதனால்தான். அது உலர்ந்து முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காற்றில் அதற்குமேல் உலராது. பக்கத்தில் அதே நேரத்தில் போட்ட பாலியெஸ்டர் டீ-ஷர்ட்டைப் பிழிந்து போட்டிருந்தால் காலையில் எடுத்து மாட்டலாம். அதன் தண்ணீரெல்லாம் நூல்களுக்கு நடுவில் இருந்ததே தவிர இழைக்குள் போகவில்லை.

கம்பளி ஈரத்தை வாங்குவதில் ஒரு நன்மை இருக்கிறது, மலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நீராவியை உள்ளே இழுக்கும்போது கம்பளி வெப்பத்தை வெளியிடும். அரைக் கிலோ எடையுள்ள ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். ஹீட்டர் ஓடும் உலர்ந்த அறையில் இருந்துவிட்டு, பனிமூட்டத்துக்குள் தொட்டபெட்டா ஏறுகிறீர்கள். அது காற்றிலிருந்து ஏறக்குறைய 60 கிராம் ஈரத்தை மெல்ல இழுக்கும். அதில் வெளிவரும் வெப்பம், 40 வாட் பல்பு ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் வரும் அளவு. அதில் ஒரு பகுதி வெளியே போனாலும் மீதி உங்கள் உடம்போரம் கிடைக்கும். பாலியெஸ்டர் ஃப்ளீஸ் உள்ளே காற்றைப் பிடித்துவைத்து நன்றாகவே கதகதப்புத் தரும், ஆனால் இந்தக் கூடுதல் வெப்பம் அதில் இல்லை. இந்த நன்மைக்கு எல்லையும் உண்டு. ஸ்வெட்டர் காற்றுக்கு ஏற்ற ஈரத்தை வாங்கி முடித்ததும் வெப்பம் வருவதும் நின்றுவிடும். மறுபடி கிடைக்க வேண்டுமானால் அதை உலர்ந்த அறையில் கொஞ்ச நேரம் மாட்டி வைக்க வேண்டும்.

விஸ்கோஸை மலையில் உடம்போடு ஒட்டிப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வியர்வையை வாங்கித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், மெல்ல உலரும், உலரும் நேரமெல்லாம் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையம் வெயிலில் சுகமாக இருந்ததும் இதே காரணத்தால்தான். அங்கே போட்டு, மேலே ஏறியதும் மாற்றிக்கொள்ளுங்கள்.

துவைப்பதுதான் அதிகம் கெட்டுப்போகும் இடம். குளிருக்கு இதமாக பக்கெட் நிறைய வெந்நீர் எடுத்து, சோப்புத்தூள் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக ஊறவைப்பது நம் வீடுகளில் சாதாரணம். பாலியெஸ்டர் தாங்கும். விஸ்கோஸ் நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரத்தில் கிழியும், ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். வெந்நீரும் சோப்பும் கசக்கலும் சேரும்போது இழைகள் ஒரு பக்கமாக மட்டும் நகர்ந்து, செதிலோடு செதில் சிக்கி, திரும்ப வர முடியாமல் இறுகிவிடும். ஸ்வெட்டர் சிறுத்து, தடித்து, பின்னல் கண்கள் தெரியாமல் போனால் அது நடந்துவிட்டது என்று அறியலாம். அதற்கு மருந்து கிடையாது. கம்பளிக்கென்று விற்கும் திரவச் சோப்பில், கை பொறுக்கும் அளவுக்கும் குறைந்த சூட்டில், கசக்காமல் அமுக்கி எடுங்கள். அப்புறம் ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, தட்டையாக விரித்துப் போடுங்கள். விஸ்கோஸுக்கும் இதையே செய்யலாம். அவசரத்துக்கு எதையும் ரூம் ஹீட்டரின் மேல் போர்த்தக் கூடாது: பாலியெஸ்டர் உருகிச் சுருங்கும், மற்ற இரண்டும் கருகும்.

இஸ்திரிக்கும் மேலே சொன்ன காரணமே வழிகாட்டும். நனைந்த கம்பளி அறைக் குளிரிலேயே தளர்ந்துவிடும். உலர்ந்திருந்தால் 150 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் கசங்கிய கம்பளிக் கோட்டைக் குளியலறையில் மாட்டி வெந்நீரில் குளித்துவிட்டு வந்தாலே சுருக்கம் பெரும்பாலும் விழுந்துவிடும். பாலியெஸ்டர் சட்டையை அப்படி மாட்டிப் பயனில்லை. அதற்கு 70, 80 பாகைச் சூடு வேண்டும், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. விஸ்கோஸை லேசான ஈரத்தோடு உள்பக்கம் திருப்பி, மிதமான சூட்டில் தேய்த்தால் படியும்.

தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டி என்றால் சூட்டைக் குறைக்கக் குமிழ் கிடையாது. பருத்திக்குச் சூடேற்றிய பெட்டி பாலியெஸ்டரில் பட்டால் முதலில் பளபளப்பு வரும், அதுவே எச்சரிக்கை. துணியைக் கொடுக்கும்போதே, “அண்ணா, இது பாலியெஸ்டர், மேல ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்ங்க” என்று சொல்லிவிடுங்கள். கம்பளிக்கும் அதே, ஆனால் மேலே போடுவது ஈரத்துணி.

தாவரவியல் பூங்கா அருகே திபெத்திய மார்க்கெட்டில் சால்வை, ஸ்வெட்டர் வாங்கினால் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். வாங்கியதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து, இடுக்கியால் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் தரும், சாம்பல் விரலில் பொடியாகும். விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல மணக்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். முடி நாற்றமே இல்லாமல் மணி மட்டும் நின்றால், அது கம்பளி விலைக்குரியதல்ல. அக்ரிலிக்காக இருக்கவும் வாய்ப்புண்டு.

கீழே இறங்கும் நாளில் கம்பளியும் விஸ்கோஸும் மலை ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் பெட்டிக்குள் போகும். அப்படியே இறுக்கி மூடினால் கோவை வெக்கையில் பூஞ்சை வாடை பிடிக்கும். விமானத்துக்கு முன் ஒரு பகல் மின்விசிறியடியில் விரித்துவிடுங்கள். பாலியெஸ்டருக்கு அது தேவையில்லை, ஆனால் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அழுத்தி மடித்து விடாதீர்கள். அந்தச் சூட்டில் மடிப்பு விழுந்தால் அது தண்ணீருக்குப் போகாது, இஸ்திரிப் பெட்டிக்குத்தான் போகும்.