சொத்து வரி அறிவிப்பை எளிய தமிழில் எழுதும்போது நேரும் தவறுகள்

நகராட்சி அனுப்பும் சொத்து வரி அறிவிப்பை குடியிருப்போர் சங்கமோ வார்டு அலுவலகமோ எளிய தமிழில் எழுதி ஒட்டும்போது, பெரும்பாலும் கடினமான சொற்கள் மட்டும் மாறுகின்றன. மக்கள் தவறான தொகையைக் கொண்டுபோவதும் தேதியைத் தவறவிடுவதும் சொற்களால் நேர்வதில்லை. வாக்கியத்துக்குள் மறைந்திருக்கும் கணக்கை யாரும் பிரித்துச் சொல்லாததால்தான் நேர்கிறது. தமிழ்நாட்டு நகராட்சிகளில் வழக்கமாகக் காணும் நடையில் ஒரு மாதிரி அறிவிப்பு இதோ:

"2025-26ஆம் ஆண்டு இரண்டாம் அரையாண்டிற்கான சொத்துவரி நடப்பு கேட்பு ரூ.2,400/- மற்றும் நிலுவை ரூ.4,800/- ஆகியவற்றை இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் செலுத்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும்பட்சத்தில் ஜப்தி நடவடிக்கை மேற்கொள்ளப்படுவதுடன் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட நேரிடும்."

முதல் தவறு 'இரண்டாம் அரையாண்டு' என்பதை அப்படியே விட்டுவிடுவது. பலருக்கு அது ஜூலை முதல் டிசம்பர் வரை என்றுதான் தோன்றும். நகராட்சிக் கணக்கில் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் அரையாண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, இரண்டாவது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆகவே '2025 அக்டோபர் முதல் 2026 மார்ச் வரைக்கான வரி' என்று மாதத்தோடு எழுத வேண்டும். 2,400 ரூபாய் ஆறு மாதத்துக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓராண்டுக்குக் கட்டிவிட்டோம் என்று நினைத்து அடுத்த ஏப்ரலைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, இரண்டு தொகைகளையும் கூட்டி 'ரூ.7,200 கட்டவும்' என்று சுருக்குவது. பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் படிப்பவர் இதையே புது வரி என்று எடுத்துக்கொண்டு, வரி மூன்று மடங்காகிவிட்டது என்று சண்டைக்கு வருவார். அதில் அவர் குற்றம் எதுவுமில்லை. நிலுவை எந்தக் காலத்துக்கு உரியது என்று தனியாகக் காட்ட வேண்டும். மாதிரியில் 4,800 என்பது 2,400இன் இரண்டு மடங்கு. அதாவது முந்தைய இரண்டு அரையாண்டுகள் பாக்கி என்று தெரிகிறது. வட்டி சேர்க்கப்படவில்லை என்பதும் தெரிகிறது. இந்த ஊகத்தை வருவாய்ப் பிரிவில் கேட்டு உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும். நிலுவைத் தொகை அரையாண்டு வரியின் முழு மடங்காக வராவிட்டால், வட்டியோ பழைய விகிதமோ வேறு கட்டணமோ உள்ளே இருக்கிறது என்று பொருள். அதைக் கேட்காமல் எழுதக்கூடாது.

வட்டியும் ஊக்கத்தொகையும் தனிச் சிக்கல். தமிழ்நாட்டில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள், அந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. ஊக்கத்தொகையை '5,000 ரூபாய் தள்ளுபடி' என்று தலைப்பில் போடுவது மிகக் கெட்ட பழக்கம். 5 சதவீதம் 5,000ஐத் தொட வேண்டுமென்றால் அரையாண்டு வரியே ஒரு லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். நம் மாதிரி வீட்டுக்குக் கிடைப்பது 120 ரூபாய். 'ரூ.2,400 வரிக்கு ரூ.120 குறையும்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

வட்டியையும் சதவீதமாக விடாமல் ரூபாயில் காட்டலாம். 2,400க்கு மாதம் 24 ரூபாய். 2024 அக்டோபரில் கட்டியிருக்க வேண்டிய தொகைக்கு 2025 அக்டோபர் முடிய 12 மாதம், 288 ரூபாய். 2025 ஏப்ரலில் கட்டியிருக்க வேண்டியதற்கு 6 மாதம், 144 ரூபாய். மொத்தம் 432. வட்டிக்கு வட்டி கிடையாது. ஆனால் இந்த 432ஐ அலுவலகம் இந்த அறிவிப்பில் கேட்கவில்லை. எனவே 'கட்ட வேண்டிய தொகை' என்ற வரியில் அதைச் சேர்க்கக்கூடாது. 'தாமத வட்டி தனியாகக் கேட்கப்படலாம், கட்டுமுன் விசாரிக்கவும்' என்று கீழே ஒரு வரி போதும்.

கெடுவுக்கு வருவோம். 'கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள்' என்பதை ஒரே தேதியாக மாற்றித் தெரு முழுக்க ஒட்டுவது தவறு. பில் கலெக்டர் ஒரு வீட்டில் 6ஆம் தேதியும் மறு வீட்டில் 10ஆம் தேதியும் கொடுத்திருப்பார். கெடுவும் அதற்கேற்ப மாறும். தாள் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். 6ஆம் தேதி வந்திருந்தால் கடைசி நாள் 21. 'வரை', '-க்குள்' என்று எழுதினால் அந்த நாளும் சேருமா என்ற சந்தேகம் வரும். 'கடைசி நாள்' என்றால் வராது. ஊக்கத்தொகைக்கான அக்டோபர் 31ஐ இந்தக் கெடுவோடு ஒரே வரியில் கலக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு தேதி, தவறினால் விளைவும் வேறு.

எச்சரிக்கை வாக்கியத்தில் இரு பக்கமும் வழுக்கும். 'துண்டிக்கப்பட நேரிடும்' என்பதை 'துண்டிப்போம்' என்று எழுதினால் அறிவிப்பில் இல்லாத உறுதி வந்துவிடுகிறது. மிரட்டலாக இருக்கிறதே என்று நீக்கிவிட்டால், நாளைக்கு இணைப்பு போகும்போது யாரும் சொல்லவில்லை என்பார்கள். 'துண்டிக்கப்படலாம்' என்பதே சரியான அளவு. ஜப்தி என்ற சொல்லை எடுத்துவிட வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான்.

'வீட்டு வரி' என்று மட்டும் போடுவதும் கவனிக்க வேண்டிய ஒன்று. பேச்சில் அதுதான் வழக்கு. ஆனால் கடைக்காரர் தனக்கில்லை என்று கடந்துபோவார். 'சொத்து வரி (வீடு, கடை)' என்று எழுதினால் ரசீதில் இருக்கும் பெயரோடும் பொருந்தும். காலிமனை வரி வேறு கணக்கு, இதில் இழுக்க வேண்டாம். வரிவிதிப்பு எண்ணையும் ந.க. எண் என்ற அலுவலகக் கோப்பு எண்ணையும் அலங்காரம் என்று நினைத்து நீக்குகிறவர்கள் உண்டு. கதவு எண் பழசு, புதுசு என்று இரண்டு இருக்கும் தெருவில் வரிவிதிப்பு எண் இல்லாமல் சரியான கணக்கில் பணம் சேர்க்க முடியாது, tnurbanepay.tn.gov.in தளத்தில் கட்டவும் அதுவே தேவை.

இத்தனையும் சேர்ந்தால் மாதிரி இப்படி வரும்:

உங்கள் சொத்து வரி (வீடு, கடை)
2025 அக்டோபர் முதல் 2026 மார்ச் வரை: ரூ.2,400
பழைய பாக்கி (2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை): ரூ.4,800
கடைசி நாள்: இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து எண்ணி 15ஆம் நாள். (6ஆம் தேதி வந்தால் 21ஆம் தேதி.)
புது வரி ரூ.2,400ஐ அக்டோபர் 31 அன்றோ அதற்கு முன்போ கட்டினால் ரூ.120 குறையும். பாக்கிக்கு இது கிடையாது.
கட்டாவிட்டால் ஜப்தி நடவடிக்கை எடுக்கப்படும். குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்படலாம்.
தாமத வட்டி தனியாகக் கேட்கப்படலாம். கட்டுமுன் வருவாய்ப் பிரிவில் விசாரிக்கவும்.
வரும்போது வரிவிதிப்பு எண்ணும் பழைய ரசீதும் கொண்டு வரவும்.

ஒட்டுவதற்கு முன், அறிவிப்பையே பார்த்திராத ஒருவரிடம் இதைக் கொடுத்து, அவர் எவ்வளவு பணம் எடுத்துக்கொண்டு எந்தத் தேதிக்குள் போவார் என்று கேளுங்கள். 7,200 என்றோ 7,080 என்றோ சொன்னால் கணக்கு புரிந்திருக்கிறது. 6,840 என்று சொன்னால் பாக்கிக்கும் 5 சதவீதம் கழித்துவிட்டார். ஊக்கத்தொகை வரியை இன்னும் தெளிவாக எழுத வேண்டும்.