குளிக்கும்போது கால் மூழ்கத் தண்ணீர் நிற்கிறதா? ஜாலிக்கு அடியில் இருக்கும் முடியை எடுக்கும் முறை

எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர் வடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஜாலியைத் திறந்து கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாகப் போனது, மூன்றாம் நாள் மறுபடியும் தேங்கியது. குத்தியதுதான் தப்பு. முடி உருண்டை உடையாது. குத்தக் குத்த உள்ளே நகர்ந்து, கை எட்டாத கிடைமட்டக் குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியேதான் இழுக்க வேண்டும்.

கையுறை, பழைய வாளி, ஒரு முழம் கட்டுக்கம்பி, பாட்டில் கழுவும் பிரஷ் போதும். கம்பியின் நுனியைச் சின்ன கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜாலியைக் கழற்றுங்கள். திருகு துருப்பிடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். சுற்றிலும் வெள்ளை சிமென்ட் வைத்திருந்தால் நெம்பாதீர்கள், டைல்ஸ் விரிசல் விடும். பழைய கத்தியால் ஓரத்தைச் சுரண்டினால் வரும்.

நான் தவறவிட்டது இதற்கு அடுத்த இடத்தை. கரப்பான் தடுக்கும் ஜாலிகளில் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அது அழுக்கு மூடிக் குழாயோடு ஒன்றாகத் தெரிந்ததால் அதைக் கழற்றலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சிலவற்றை இடப்பக்கம் திருகினால் வரும், சிலவற்றை நேராகத் தூக்கினாலே வரும். எடுத்துப் பார்த்தபோது பாதி முடி கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றித்தான் இருந்தது.

இப்போது அடியில் நஹானி டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த பகுதி, தெரியும். கொக்கியை அதன் வளைவில் இறக்கி, அழுத்தாமல் ஒரே பக்கமாக நான்கைந்து சுற்று சுற்றுங்கள். முடி கம்பியில் சுருண்டுகொள்ளும். மெதுவாக இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிடும். கம்பி வெறுமையாக வரும்வரை இதையே செய்யுங்கள். எனக்கு நான்கு முறை ஆனது. வந்த முடியைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறைக்குள் போட வேண்டாம்.

பிறகு குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் சோப்புப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு பிரஷால் தேயுங்கள். அந்தப் பிசுக்கில்தான் அடுத்த முடி ஒட்டும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீர் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் பிவிசி குழாயை இளக்கிவிடும். ஆசிட் ஊற்றவே வேண்டாம்: முடியை அது கரைக்காது, டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டைத்தான் அரிக்கும். முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும்.

கிண்ணத்தை மறுபடி பொருத்தி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். டிராப்பில் நிற்கும் அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அதே வாளித் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் வடிகிறது.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் வடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வாஷ்பேசினைத் திறந்தால் தரை ஜாலி வழியாகத் தண்ணீர் மேலே வருகிறதாம். அப்படியென்றால் இரண்டும் சேரும் இடத்தைத் தாண்டி அடைப்பு இருக்கிறது. அதற்குக் கட்டுக்கம்பி எட்டாது. வெளியே இருக்கும் சேம்பரைத் திறந்து பார்க்க பிளம்பரைக் கூப்பிடுங்கள்.