அரிசி, பருப்பு ஸ்கோர்களைச் சராசரி எடுக்காதீர்கள்

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது, புரதத் தரத்தை அளக்கும் பி.டி.சி.ஏ.ஏ.எஸ். ஸ்கோர் கணக்கில் நான் படிக்கும் காலத்தில் செய்த அதே தவறு பாதிப் பேரிடம் இருந்தது. வகுத்தலில் வரும் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கலவைக்குத் தனித்தனி ஸ்கோரின் சராசரி

எனக்கு இன்னும் ஆற்றாமை தரும் தவறு இதுதான், ஒரு முழுக் கேள்விக்கான மார்க் இதில் போனது.

இப்படி ஒரு கணக்கு. ஒரு சாப்பாட்டில் அரிசியிலிருந்து 8 கிராம், பருப்பிலிருந்து 4 கிராம் புரதம். ஒரு கிராம் அரிசிப் புரதத்தில் லைசின் 36 மி.கி., மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 40. பருப்பில் லைசின் 66, மற்றது 21. செரிமானத் திறன் அரிசிக்கு 0.88, பருப்புக்கு 0.80. மற்ற அமினோ அமிலங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஒப்பிட வேண்டியது 1991 எஃப்.ஏ.ஓ. அளவு, அதாவது 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கானது: லைசின் 58, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்த கந்தக அமினோ அமிலங்கள் 25.

மிகவும் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை ஒப்பீட்டு அளவால் வகுத்து, செரிமானத் திறனால் பெருக்கினால் ஸ்கோர். அரிசிக்கு லைசின் குறை, 36/58 × 0.88 = 0.55. பருப்புக்குக் கந்தக அமினோ அமிலம் குறை, 21/25 × 0.80 = 0.67. இதுவரை சரி. அப்புறம்தான் இரண்டையும் புரத அளவுப்படி சராசரி எடுத்து 0.59 என்று எழுதிவிடுகிறார்கள். அரிசியில் மிஞ்சும் மெத்தியோனின் பருப்பின் குறையையும், பருப்பில் மிஞ்சும் லைசின் அரிசியின் குறையையும் ஈடுகட்டுவது இந்தச் சராசரியில் காணாமலே போய்விடுகிறது.

முதலில் மில்லிகிராமைக் கூட்டுங்கள். லைசின் 288 + 264 = 552, அதை 12 கிராமால் வகுத்தால் 46. கந்தகம் 404, வகுத்தால் சுமார் 34, அது 25-ஐத் தாண்டிவிட்டது. ஆக இப்போதும் குறை லைசின்தான்: 46/58 = 0.79. செரிமானத் திறனும் புரத அளவுப்படி 0.853. பெருக்கினால் 0.68. தனித்தனி ஸ்கோர் இரண்டையும்விட இது மேலே நிற்கிறது, சராசரியாக எடுத்தால் இப்படி ஒருபோதும் வராது. உங்கள் விடை இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

எடை போடுவது புரத கிராமால், அரிசியின் கிராமால் அல்ல. என் தாளில் இந்தத் தவறும் சேர்ந்தே இருந்தது.

1.0-ஐத் தாண்டினால்

பி.டி.சி.ஏ.ஏ.எஸ்.-இல் 1.0 என்றே எழுதுங்கள். ஆனால் கலவைக் கணக்கில் கூட்டுவதற்கு முன்னாலேயே வெட்டிவிடாதீர்கள், ஈடுகட்டுவதே அந்த மிச்சம்தான்.

மெத்தியோனின் மட்டும்

கந்தக அமினோ அமிலத்தைக் கணக்கிட மெத்தியோனின் மட்டும் போதாது, சிஸ்டீனையும் சேர்க்க வேண்டும்.

எந்த ஆண்டின் அளவு

2013 எஃப்.ஏ.ஓ. அறிக்கையின் புதிய ஸ்கோரான டி.ஐ.ஏ.ஏ.எஸ். கேட்டால், ஒட்டுமொத்தச் செரிமானத் திறன் ஒன்றை வைத்துப் பெருக்கக் கூடாது. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் சிறுகுடல் முடிவில் அளந்த தனி எண் வேண்டும். ஒப்பீட்டு அளவும் மாறும்: 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைக்கு லைசின் 57, கந்தகம் 27. மேலே உள்ள பருப்பின் 21-ஐ 25-ஆல் வகுத்தால் 0.84, 27-ஆல் வகுத்தால் 0.78.