சீரம் துளியைக் கன்னத்தில் ஒற்றாதீர்கள்

டிராப்பர் நுனியில் ஒரு துளி தொங்கும்போது அப்படியே கன்னத்தில் ஒற்றத்தான் தோன்றும். வேண்டாம். தோலில் பட்ட நுனி கிருமியையும் பிசுக்கையும் பாட்டிலுக்குள் கொண்டுபோய்விடும். துளியை உள்ளங்கையில் விழவிட்டு, விரலால் தொட்டுப் பூசுங்கள்.

அப்புறம் அந்த ரப்பர் குமிழ். சீரத்துக்குள் வைத்துப் பொசுக் பொசுக்கென்று அமுக்கினால் காற்று உள்ளே போகும். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் தடுக்கும், காற்றை அல்ல. அதனால் குமிழை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, நுனியை உள்ளே விட்டு மெல்லத் தளர்த்துங்கள். ஒரே இழுப்பு போதும்.

வைட்டமின் சி சீரம் காற்றுப் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பாட்டிலின் நிறத்தால் அது வெளியே தெரியாது. அவ்வப்போது ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். நன்றாகப் பழுப்பேறியிருந்தால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.