கடன் நோட்டை அட்டவணையாக்கும்போது பாக்கி எங்கே தவறுகிறது?

மளிகைக் கடைக் கடன் நோட்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எக்செலில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டலில் தவறுவதில்லை. எந்த எண்ணைக் கூட்ட வேண்டும், எதைக் கூட்டக் கூடாது என்பதில்தான் தவறுகிறார்கள்.

செல்வி என்பவரின் பக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: முன்பாக்கி 640, அரிசி பருப்பு 385/-, எண்ணெய் 170/-, வரவு 500, சோப்பு 95, கடைசியில் கோடு போட்டுப் பாக்கி 790. எல்லா எண்களையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் 2,580 வரும். அந்தத் தொகையைச் செல்வியிடம் கேட்டால் அவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். பற்றுக்கு ஒரு பத்தி, வரவுக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். முன்பாக்கி ஒரே ஒரு முறை பற்றில் ஏற வேண்டும். அடுத்த பக்கத்தின் தலையில் அதே 790 மறுபடி முன்பாக்கியாக வரும். இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஏற்றும்போது அதை விட்டுவிட வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ள பாக்கியைக் கணக்கில் சேர்க்காமல், சரிபார்க்கத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் B பத்தியிலும், பற்று D பத்தியிலும், வரவு E பத்தியிலும், பாக்கி தேவைப்படும் பெயர் G2 கட்டத்திலும் இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=SUMIF(B:B,G2,D:D)-SUMIF(B:B,G2,E:E)
```

‘385/-’ என்று எழுதியபடியே தட்டினால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கூட்டாமல் விட்டுவிடும். அவசரக் கையெழுத்தில் அதுவே 3851 என்று படிக்கப்படுவதும் உண்டு. இரண்டாவது பிழை பளிச்சென்று தெரியும்; முதலாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பாக்கி 405 என்று நம்பும்படியாகவே வந்து நிற்கும்.

பெயரில்தான் அதிகக் குழப்பம். ‘செல்வி’, ‘செல்வி அக்கா’, ‘மாடி வீடு செல்வி’ ஆகிய மூவரும் ஒருவரா என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். ஊகிக்காமல் கேட்டுவிட்டு, ஒரே பெயரை எல்லா வரிகளிலும் வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் சூத்திரம் அவரை வேறு ஆளாகவே கருதும். மேலே உள்ள அதே பெயர்தான் என்று காட்ட, பெயருக்குக் கீழே இரட்டைக் கோட்டுக் குறி மட்டும் போட்டிருக்கும் வரிகளிலும் முழுப் பெயரையே எழுத வேண்டும்.

முடிந்ததும் உங்கள் விடையை நோட்டில் உள்ள பாக்கியோடு ஒப்பிடுங்கள். 790க்குப் பதில் 1,790 வந்தால் வித்தியாசம் 1,000. அதில் பாதி 500. அந்த வரவு பற்றில் ஏறியிருக்கிறது. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள்: 170ஐ 710 என்று தட்டினால் 540 கூடும். ஸ்கிரீன்ஷாட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே வரி இருமுறை ஏறியிருந்தால், வித்தியாசம் அப்படியே அந்த வரியின் தொகையாக இருக்கும். இவை எதிலும் சிக்காத வித்தியாசம் என்றால், கடைக்காரரே நோட்டில் தவறாகக் கூட்டியிருக்கக்கூடும். அப்போது எண்ணைத் திருத்தாமல், அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள்.